நாமக்கல்லில் விற்ற லோரியின் நட்டம் எங்கே போனது? இந்தியாவின் பிளாக் முறையில் வாகன விற்பனைக் கணக்கு: முழுமையான வழிகாட்டி

சுங்கை சிப்புட்டில் செம்பனைக் குலை ஏற்றும் லோரிக்காரர்கள் சிலருக்கு நான் கணக்கு எழுதுகிறேன். அவர்களில் ஒருவர், நான் மாமா என்று கூப்பிடுகிறவர், நாமக்கல்லில் அத்தை மகனோடு கூட்டுச் சேர்ந்து வாடகைக்கு மூன்று லோரி விட்டிருக்கிறார். அங்குள்ள ஆடிட்டர் அனுப்பிய கணக்கை வாட்ஸ்அப்பில் திறந்து காட்டி ஒரு கேள்வி கேட்டார்.

"தம்பி, கணக்குல பதினஞ்சு லட்சம் நிக்கிற லோரிய பன்னெண்டு லட்சத்துக்குத் தள்ளிட்டோம். மூணு லட்சம் நட்டம். இந்தத் தாள்ல அந்த நட்டத்தையே காணோமே?"

ஆடிட்டர் எதையும் விட்டுவிடவில்லை. இந்திய வருமான வரிக் கணக்கில் ஒரு லோரியை மட்டும் விற்றால், அதற்கென்று தனியாக லாபமோ நட்டமோ பெரும்பாலும் எழுதப்படுவதே இல்லை. நம் ஊர்க் கணக்குக்குப் பழகிய கண்ணுக்கு இது தப்பாகத்தான் தெரியும். அதனால் முதலில் நம் ஊர் முறையைப் பார்த்துவிடுவோம்.

நம் ஊரில் எப்படி

மலேசியாவில் ஒவ்வொரு லோரிக்கும் தனிக் கணக்கு. 200,000 ரிங்கிட்டுக்கு 2022 ஜனவரியில் ஒரு லோரி வாங்கினால், முதல் ஆண்டில் தொடக்கக் கழிவு 20%, ஆண்டுக் கழிவு 20%, ஆக 40% போகும். 2023-ல் இன்னொரு 20%. மீதி 80,000. அதை 2024 நடுவில் 70,000-க்கு விற்றால், 10,000 ரிங்கிட் பேலன்சிங் அலவன்ஸ் கிடைக்கும், அதாவது வருமானத்திலிருந்து கழியும். 95,000-க்கு விற்றால் 15,000 ரிங்கிட் பேலன்சிங் சார்ஜ், அதாவது வருமானத்தில் சேரும். விற்ற ஆண்டிலேயே அந்த லோரியின் கதை முடிந்துவிடும். மாமா நாமக்கல் கணக்கில் தேடியது இந்த பேலன்சிங் அலவன்ஸைத்தான். இந்தியாவில் லோரிகளைத் தனித்தனியாகப் பார்க்காமல் ஒரே பானையில் போட்டுவிடுகிறார்கள். அந்தப் பானைக்குத்தான் பிளாக் என்று பெயர்.

படி 1: எந்த பிளாக் என்று முதலில் தீர்மானியுங்கள்

ஒரே வகைச் சொத்து, ஒரே தேய்மான விகிதம். இரண்டும் பொருந்தினால் ஒரே பிளாக். வாகனங்கள் இயந்திரம், தளவாடம் என்ற வகைக்குள் வருகின்றன. வாடகைக்கு ஓட்டும் தொழிலில் இருக்கும் லோரி, பஸ், டாக்சிக்கு 30%. முதலாளி தொழிலுக்காக ஓட்டும் காருக்கு 15%.

இங்கே இரண்டு இடத்தில் சறுக்குவார்கள். முதலாவது, லோரி என்றாலே 30% என்று நினைப்பது. சொந்த ஆலையின் சரக்கை மட்டும் ஏற்றும் லோரி வாடகைக்கு ஓடவில்லை, அதனால் அது 15%. இரண்டாவது, 15% கார் தனி பிளாக் என்று நினைப்பது. அதே நிறுவனத்தில் 15% தேய்மானம் உள்ள சாதாரண இயந்திரங்களும் இருந்தால், காரும் அவையும் ஒரே பிளாக். காரை விற்ற பணம் அந்த மொத்தத்திலிருந்து கழியும். கார் ஒன்றே ஒன்று இருந்து அதை விற்றுவிட்டாலும் பிளாக் காலியாகிவிடாது, இயந்திரங்கள் இருக்கின்றனவே.

மாமாவின் மூன்று லோரியும் வாடகை லோரி. எல்லாம் 30% பிளாக்.

படி 2: ஏப்ரல் 1 அன்று பிளாக்கின் மீதி மதிப்பை எடுங்கள்

இந்திய நிதியாண்டு ஏப்ரல் 1 முதல் மார்ச் 31 வரை. போன ஆண்டுக் கணக்கில் தேய்மானம் போக நின்ற மீதிதான் இந்த ஆண்டின் தொடக்கம். மாமாவின் பிளாக் 2024 ஏப்ரல் 1 அன்று 30 லட்சம் ரூபாய். லோரிவாரியாகப் பிரித்துப் பார்த்தால் 15, 9, 6 லட்சம். இந்தப் பிரிவு நாமாகப் போட்டுக்கொள்வது. வருமான வரிக்கு 30 லட்சம் என்ற ஒரு எண் போதும்.

முந்தைய ஆண்டுகளில் தேய்மானம் கேட்காமல் விட்டிருந்தாலும், கேட்டதாகவே வைத்துத்தான் மீதியைக் கணக்கிட வேண்டும். நாமக்கல் பக்கம் சின்ன லோரி முதலாளிகள் மாட்டிக்கொள்வது இங்கேதான். பத்து சரக்கு வாகனத்துக்கு மேல் இல்லாதவர்கள் 1961-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 44AE பிரிவில், வண்டிக்கு மாதம் இவ்வளவு வருமானம் என்று மதிப்பீட்டு அடிப்படையில் வரி கட்டலாம். கனரக வாகனம் என்றால் மொத்த எடையில் ஒரு டன்னுக்கு மாதம் 1,000 ரூபாய், மற்றவற்றுக்கு மாதம் 7,500 ரூபாய். பேரேடு வேண்டாம் என்ற நிம்மதியில் தேய்மானத்தையும் மறந்துவிடுவார்கள். ஆனால் அந்த ஆண்டுகளிலும் தேய்மானம் கொடுத்துவிட்டதாகவே சட்டம் எடுத்துக்கொள்கிறது. நாலு வருஷம் கழித்து லோரியை விற்கும்போது வாங்கின விலையைப் பிளாக்கில் வைத்துக் கழித்தால் கணக்கு முழுக்கப் பிழை. 10 லட்சத்துக்கு வாங்கி நாலு ஆண்டு முழுத் தேய்மானம் போன லோரியின் மீதி 2,40,100 ரூபாய்தான்.

படி 3: அந்த ஆண்டில் வாங்கியதைச் சேருங்கள்

புதிதாக வாங்கிய லோரியின் முழு அடக்க விலையும் சேரும். 180 நாளுக்குக் குறைவாக ஓடியிருந்தால் அதற்கு மட்டும் அந்த ஆண்டு பாதி விகிதம், அதாவது 15%. 2024-25-ஐப் பொறுத்தவரை அக்டோபர் 3-க்குள் சாலையில் இறங்கினால் முழு விகிதம், அக்டோபர் 4-லிருந்து பாதி.

பழைய லோரி வாங்கும்போது ஒரு பகுதியை ரொக்கமாகக் கொடுப்பது அங்கே சகஜம். ஒரே ஆளுக்கு ஒரே நாளில் 10,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்த தொகை அடக்க விலையில் சேராது. அந்தப் பணத்துக்குத் தேய்மானமும் கிடையாது.

படி 4: விற்ற விலையைச் சரியாக எடுங்கள்

கழிக்க வேண்டியது விற்ற விலை. கைக்கு வந்த பணம் இல்லை. மாமா என்னிடம் காட்டிய பேங்க் கணக்கில் 5 லட்சம்தான் வரவு இருந்தது. மீதி 7 லட்சத்தை வாங்கியவர் நேராக ஃபைனான்ஸ் கம்பெனிக்குக் கட்டிக் கடனை முடித்திருக்கிறார். பிளாக்கில் கழிய வேண்டியது 12 லட்சம். பேங்க் வரவை மட்டும் பார்த்து எழுதினால் பிளாக்கில் 7 லட்சம் வெறுங்கணக்காக நின்று ஆண்டுதோறும் தேய்மானம் தின்றுகொண்டிருக்கும். விற்பனை ஒப்பந்தத்தையும் கடன் முடிந்த கடிதத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் இந்தப் பிழை உடனே தெரிந்துவிடும்.

எக்ஸ்சேஞ்சில் கொடுத்தாலும் அப்படியே. பழைய லோரிக்குக் கம்பெனி போட்ட விலை விற்ற விலை, புது லோரியின் முழு விலை அடக்கம். வித்தியாசத்தை மட்டும் புது லோரியின் விலையாக எழுதாதீர்கள். மொத்தம் ஒன்றாகத் தோன்றினாலும், பாதி விகிதம் எதற்கு என்ற கணக்கு கெட்டுப்போகும். விபத்தில் லோரி போய் இன்சூரன்ஸ் பணம் வந்தாலும், உடைசலை விற்ற பணம் வந்தாலும், அதுவும் இந்தக் கழிவில்தான் வரும்.

படி 5: கழித்துப் பாருங்கள். மூன்று வழி பிரியும்

*வழி ஒன்று: லோரியும் மிச்சம், மதிப்பும் மிச்சம்.* மாமாவின் நிலை இதுதான்.

```
தொடக்க மீதி            30,00,000
விற்ற விலை           - 12,00,000
பிளாக்கில் மிச்சம்       18,00,000
தேய்மானம் 30%          5,40,000
அடுத்த ஆண்டுத் தொடக்கம்  12,60,000
```

லாபமும் இல்லை, நட்டமும் இல்லை. சரி, அந்த 3 லட்சம்? பிளாக்கில்தான் உட்கார்ந்திருக்கிறது. லோரி தன் மதிப்பான 15 லட்சத்துக்கே விற்றிருந்தால் பிளாக்கில் 15 லட்சம் நின்று, தேய்மானம் 4,50,000 ஆகியிருக்கும். இப்போது 5,40,000. அதிகமாக வந்த 90,000 அந்த நட்டத்தின் முதல் தவணை. அடுத்த ஆண்டு 63,000, அதற்கடுத்த ஆண்டு 44,100 என்று குறைந்துகொண்டே வரும். நாலு ஆண்டில் 3 லட்சத்தில் ஏறக்குறைய 2,28,000 கழிந்திருக்கும், பிளாக் உயிரோடு இருந்தால். போன லோரிக்கு இன்னும் தேய்மானம் எடுக்கிறோமே என்று மாமாவுக்கு ஒரே சங்கடம். சட்டமே அப்படித்தான்.

லாபத்துக்கும் இதே கதை. அதே லோரி 20 லட்சத்துக்குப் போயிருந்தால் 5 லட்சம் லாபம் என்று யாரும் வரி கேட்க மாட்டார்கள். பிளாக் 10 லட்சமாக இறங்கி, தேய்மானம் 3 லட்சமாகக் குறையும். லாபத்துக்கு உரிய வரி தேய்மானம் குறைவதன் வழியாக மெல்ல மெல்ல வந்து சேரும்.

விற்ற தேதி இந்தக் கணக்கில் வரவே இல்லை, கவனித்தீர்களா? ஏப்ரலில் விற்றாலும் மார்ச்சில் விற்றாலும் பதில் ஒன்றுதான். விற்ற நாள் வரை அந்த லோரிக்கு எத்தனை மாதத் தேய்மானம் என்று பிரித்துப் போடுகிறவர்கள் வேறு கணக்கைப் போடுகிறார்கள்.

*வழி இரண்டு: லோரி மிச்சம், மதிப்பு போய்விட்டது.* முதல் இரண்டு லோரிக்கு நல்ல விலை வந்து 32 லட்சத்துக்கு விற்றதாக வைத்துக்கொள்வோம், தரகு 50,000. பிளாக்கில் இருந்ததோ 30 லட்சம். 32 லட்சத்திலிருந்து 30 லட்சத்தையும் தரகையும் கழித்தால் மிஞ்சும் 1,50,000 குறுகிய கால மூலதன ஆதாயம். பத்து வருஷம் வைத்திருந்த லோரி என்றாலும் குறுகிய காலம்தான். கூட்டு நிறுவனத்துக்கு 30% வரியும் அதன் மேல் 4% செஸும், மொத்தம் 31.2%, ஆக 46,800 ரூபாய். தரகுச் செலவு உதவுவது இந்த ஆதாயக் கணக்கில்தான்.

அப்புறம் வருவதுதான் பலருக்குப் புரியாது. மூன்றாவது லோரி ஷெட்டில் நிற்கிறது, ஓடுகிறது, சம்பாதிக்கிறது. ஆனால் பிளாக் பூஜ்யம். அதற்குத் தேய்மானம் கிடையாது. அநியாயம் போலத் தெரிந்தாலும் கணக்கு நேர்தான். தனித்தனியாகப் பார்த்தால் விற்ற இரண்டில் வந்த லாபம் 8 லட்சம், தரகு போக ஏழரை லட்சம். அதில் ஒன்றரை லட்சத்துக்குத்தான் இப்போது வரி. மீதி 6 லட்சத்தை மூன்றாவது லோரியின் மதிப்பு விழுங்கிக்கொண்டது. பிற்பாடு அந்த லோரியை விற்கும்போது, இடையில் வேறெதுவும் வாங்காவிட்டால், செலவு போக வந்த விலை முழுவதும் ஆதாயம். அதை இப்போதே குறித்து வையுங்கள். ஐந்து வருஷம் கழித்து யாருக்கும் ஞாபகம் இருக்காது.

*வழி மூன்று: கடைசி லோரியும் போய்விட்டது.* மூன்றையும் ஒரே ஆண்டில் 24 லட்சத்துக்கு விற்றால் பிளாக் என்ற ஒன்றே இல்லை. அப்போதுதான் நட்டம் வெளியே வரும். 30 லட்சத்திலிருந்து 24 போக 6 லட்சம் நட்டம். அந்த ஆண்டு தேய்மானமும் கிடையாது.

மாமாவுக்கு இதைச் சொன்னதும் முகம் மலர்ந்தது. "அப்ப எல்லாத்தையும் வித்துட்டா நட்டம் வந்துடும்ல?" வரும். ஆனால் அது குறுகிய கால மூலதன நட்டம். வியாபார லாபத்தில் அதைக் கழிக்க முடியாது. நிலம், பங்கு போன்றவற்றை விற்று வந்த மூலதன ஆதாயத்தில்தான் கழிக்கலாம். அந்த ஆண்டு முடியாவிட்டால் அடுத்த எட்டு மதிப்பீட்டு ஆண்டுகளுக்குக் கொண்டுபோகலாம், அதுவும் ரிட்டர்னைக் கெடுவுக்குள் தாக்கல் செய்திருந்தால்தான். லோரியைத் தவிர வேறு சொத்தில்லாத நிறுவனத்துக்கு அந்த நட்டம் ஏட்டுச் சுரைக்காய்.

ஆகவே தொழிலை மூடப்போகிறவர்கள் மார்ச் 31-ஐப் பார்த்து நடக்க வேண்டும். அதே மூன்று லோரியில் இரண்டை மட்டும் இந்த ஆண்டு 20 லட்சத்துக்கு விற்று, மூன்றாவதை ஓட்டிக்கொண்டிருந்துவிட்டு ஏப்ரலுக்குப் பிறகு 4 லட்சத்துக்கு விற்றால் என்ன ஆகும்? இந்த ஆண்டு பிளாக்கில் 10 லட்சம் நின்று, 3 லட்சம் தேய்மானம் வியாபார லாபத்தில் நேராகக் கழியும். அடுத்த ஆண்டு 7 லட்சத்திலிருந்து 4 லட்சம் போக, மூலதன நட்டம் 3 லட்சம். அதே மொத்தம் 24 லட்சம், அதே நட்டம் 6 லட்சம். ஆனால் பாதி, வியாபாரக் கழிவாக மாறிவிட்டது. கழிக்க லாபம் இருந்தால் 93,600 ரூபாய் வரி மிச்சம். மூன்றாவது லோரி உண்மையிலேயே தொழிலில் ஓடியிருக்க வேண்டும், பேப்பரில் மட்டும் நின்றால் போதாது.

தொழிலைத் தொடரப்போகிறவர் எல்லாவற்றையும் விற்றால், மார்ச் 31-க்குள் வேறொரு வாடகை லோரி வாங்கி ஓட்டிவிட்டாலும் பிளாக் பிழைத்துக்கொள்ளும். மார்ச் 20-ல் 10 லட்சத்துக்கு ஒன்று வாங்கினால், பழைய மீதி 6 லட்சத்துக்கு 30%, புது 10 லட்சத்துக்கு 15%, ஆக 3,30,000 தேய்மானம் கிடைக்கும். இதற்காகவே தேவையில்லாத லோரியை வாங்குவது மடத்தனம். எப்படியும் வாங்கப்போகிற லோரி என்றால் ஏப்ரல் வரை தள்ளிப்போடாதீர்கள்.

படி 6: பேரேட்டில் எழுதிய நட்டத்தைத் திரும்ப எடுங்கள்

நிறுவனத்தின் சொந்தப் பேரேட்டில் ஒவ்வொரு லோரிக்கும் தனிக் கணக்கு இருக்கும். அங்கே லோரி விற்ற நட்டம் என்று ஒரு வரி லாப நட்டக் கணக்கில் போயிருக்கும், அதில் தப்பில்லை. வரிக் கணக்குக்கு வரும்போது அந்த நட்டத்தை லாபத்தோடு திரும்பக் கூட்ட வேண்டும். லாபம் எழுதியிருந்தால் அதைக் கழிக்க வேண்டும். பேரேட்டுத் தேய்மானத்தையும் கூட்டிவிட்டு, பிளாக் கணக்கில் வந்த தேய்மானத்தைக் கழிக்க வேண்டும். இதை விட்டால் அதே 3 லட்சத்தை ஒரு தடவை நட்டமாகவும், இன்னொரு தடவை தேய்மானமாகவும் எடுத்ததாகிவிடும். ஆடிட்டரின் தாளில் மாமா பார்க்க வேண்டியது இந்த வரியைத்தான். நட்டம் கூட்டப்பட்டிருக்கிறதா? கூட்டப்பட்டிருந்தது.

படி 7: படிவத்தில் சரிபாருங்கள்

ரிட்டர்னில் இதற்கான அட்டவணை `Schedule DPM`. விகிதத்துக்கு ஒரு பத்தி. 30% பத்தியில் தொடக்க மீதி, 180 நாளும் அதற்கு மேலும் ஓடிய புதுச் சொத்து, விற்ற விலை, 180 நாளுக்குக் குறைந்த புதுச் சொத்து என்று வரிசையாக வரும். கீழே 50-ஆம் பிரிவின்படி வரும் ஆதாயம் அல்லது நட்டத்துக்கு ஒரு வரி. பிளாக் முடிந்துபோனால் மட்டுமே அதில் நட்டத்தைப் போட வேண்டும் என்று படிவமே சொல்கிறது. லோரி இன்னும் ஓடிக்கொண்டிருக்க அந்த வரியில் கழித்தல் குறியோடு எண் நின்றால் கணக்கு தப்பு. அந்த வரியில் முறையாக வரும் எண் `Schedule DCG` வழியாக மூலதன ஆதாயப் பகுதிக்குப் போகும்.

2026 ஏப்ரல் 1 முதல் 2025-ஆம் ஆண்டின் புதிய வருமான வரிச் சட்டம் நடைமுறைக்கு வருவதால் பிரிவு எண்கள் மாறும். நான் சொல்லியிருப்பவை பழைய சட்டத்தின் எண்கள். பிளாக் முறை தொடர்கிறது.

லோரிவாரிப் பட்டியலை ஏன் விடக்கூடாது

வரிக்கு ஒரே எண் போதும் என்றால் 15, 9, 6 என்று தனியே எழுதி வைப்பது எதற்கு? ஜி.எஸ்.டி.க்கு. ஜி.எஸ்.டி.யில் பதிவு செய்த நிறுவனம், வாங்கும்போது கட்டிய வரியை வரவு எடுக்காத பழைய வாகனத்தை விற்றால், விற்ற விலைக்கும் அந்த வாகனத்தின் தேய்மானம் போன மதிப்புக்கும் உள்ள வித்தியாசத்துக்குத்தான் வரி. 2025 ஜனவரியிலிருந்து விகிதம் 18%. வித்தியாசம் மைனஸ் என்றால் வரி இல்லை. 15 லட்ச லோரி 12 லட்சத்துக்குப் போனால் ஒன்றும் கட்ட வேண்டாம். 20 லட்சத்துக்குப் போனால் 5 லட்சத்துக்கு 90,000 ரூபாய். வருமான வரி பிளாக்கில் அந்த ஒரு லோரிக்கு மதிப்பே கிடையாது, ஆனால் ஜி.எஸ்.டி. அதைத்தான் கேட்கிறது. பதிவு எண், வாங்கிய தேதி, அடக்க விலை, ஆண்டுதோறும் வருமான வரி விகிதப்படி போன தேய்மானம், இவ்வளவும் லோரிக்கு ஒரு பக்கமாக இருந்தால் போதும். மாமாவின் அத்தை மகனிடம் மூன்று லோரியின் ஆர்.சி. நகலும் வாங்கிய பில்லும் கேட்டு அனுப்பியிருக்கிறேன். வந்ததும் பட்டியலை முதல் ஆண்டிலிருந்து எழுத வேண்டும்.